எழுபதால் வகுபடும் வாழ்க்கை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பேருந்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. 2024 ஆகஸ்ட் மாதக் கடைசி நாளில், இவ்விரண்டு ஊர்களிலும் எனக்கு உறவினர்களான இருவர் பணி ஓய்வுபெற்றனர். ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசுப் பள்ளி ஆசிரியை. மற்றொருவர் ராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி. இருவரும் வேலைக்குச் சேர்ந்தது 1996இல். இருவரும் உழைத்தது 28 ஆண்டுகள். சில மாதங்களுக்குப் பிறகு ஒரு திருமண வீட்டில் இருவரும் சந்தித்தபோது பேச்சு ஓய்வூதியத்தைத் தொட்டது. ஆசிரியைக்கு அகவிலைப்படி சேர்க்காமலேயே மாதம் 42,000 ரூபாய். ஆலைத் தொழிலாளிக்கு 3,300 ரூபாயை ஒட்டிய தொகை. “எனக்கு எங்கேயோ கணக்குத் தப்பா போட்டுட்டாங்க, கொஞ்சம் பாருங்கண்ணே” என்று தன் ஆணையை என் கையில் கொடுத்தார் அவர்.

பார்த்தேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் பிரச்சினை.

ஒரே சூத்திரம்: இருவருக்கும் ஓய்வூதியம் கணக்கிடப்படும் முறை அடிப்படையில் ஒன்றுதான். கடைசியாகப் பெற்ற ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி, ஒரு நிலையான எண்ணால் வகுக்க வேண்டும். 2003 ஏப்ரல் 1க்கு முன்பு தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, 1978ஆம் ஆண்டின் ஓய்வூதிய விதிகளின்படி, 30 ஆண்டுப் பணிக்குக் கடைசி ஊதியத்தில் பாதி கிடைக்கும். 30 ஆண்டுக்குப் பாதி என்றால், ஓராண்டுக்கு ஊதியத்தில் அறுபதில் ஒரு பங்கு. ஆசிரியையின் கடைசி அடிப்படை ஊதியம் 90,000 ரூபாய். அதை 28ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 42,000.

நூற்பாலைத் தொழிலாளிக்குப் பொருந்துவது 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். வருங்கால வைப்பு நிதி நிறுவனம் நடத்துவது. இங்கே வகுக்கும் எண் 70. அதாவது 35 ஆண்டு உழைத்தால் ஊதியத்தில் பாதி. அறுபதுக்கும் எழுபதுக்கும் உள்ள வேறுபாடு பெரிதல்ல. ஆசிரியையின் கணக்கையே எழுபதால் வகுத்தாலும் 36,000 ரூபாய் வரும். ஆகவே, இரு உறவினர்களுக்கும் இடையிலான பள்ளத்துக்கு அந்தப் பின்னம் காரணமல்ல. ஊதிய வேறுபாடு ஒரு பெரும் காரணம் என்பது உண்மை. ஆனால், அது மட்டுமே காரணம் என்றால் தொழிலாளியின் ஓய்வூதியம் இவ்வளவு கீழே போயிருக்காது. கடைசி ஐந்தாண்டுகளில் அவருடைய அடிப்படைக் கூலியும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் சராசரியாக 14,000 ரூபாய். அதில் எழுபதில் ஒரு பங்கு 200 ரூபாய். 28 ஆண்டுக்கு 5,600 ரூபாய். இருபதாண்டுகளை நிறைவுசெய்து 58 வயதில் ஓய்வுபெறுவோருக்குத் திட்டம் இரண்டு ஆண்டுகளைக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுக்கிறது. அதையும் கூட்டினால் 6,000 ரூபாய் வந்திருக்க வேண்டும். வந்தது அதில் பாதியைவிடச் சற்று அதிகம். மீதி எங்கே போனது?

‘ஊதியம்’, ‘பணியாண்டு’ என்ற இரண்டு சொற்களுக்கு அந்தத் திட்டம் தரும் பொருளுக்குள் போனது.

எது ஊதியம்?: ஆசிரியைக்குக் கடைசி ஊதியம் என்றால் கடைசி ஊதியம்தான். கடைசிப் பத்து மாதச் சராசரி அதைவிடச் சாதகமாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். உச்சவரம்பு கிடையாது. தொழிலாளிக்கோ ‘ஓய்வூதியத்துக்குரிய ஊதியம்’ என்பது ஒரு வரம்புக்கு உட்பட்டது. திட்டம் தொடங்கியபோது அந்த வரம்பு 5,000 ரூபாய். 2001 ஜூனில் 6,500 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு 13 ஆண்டுகள் அசையவில்லை. 2014 செப்டம்பர் 1 முதல் 15,000 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேலாக அதே நிலை.

வரம்பை உயர்த்தியபோது கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. ஒருவருடைய பணிக்காலம் 2014 செப்டம்பர் 1ஆம் தேதியை நடுக்கோடாக வைத்து இரண்டாகப் பிரிக்கப்படும். கோட்டுக்கு முந்தைய ஆண்டுகளுக்கு ஊதியம் அதிகபட்சம் 6,500 ரூபாய் என்றே கொள்ளப்படும். பிந்தைய ஆண்டுகளுக்கு மட்டும் 15,000 வரை. ஒருவர் 2024இல் ஓய்வுபெற்றாலும் சரி, 2030இல் ஓய்வுபெற்றாலும் சரி, பழைய ஆண்டுகளின் மதிப்பு உறைந்தே இருக்கும்.

இதை ஆண்டுக் கணக்கில் பார்த்தால் எளிதாக விளங்கும். 6,500ஐ எழுபதால் வகுத்தால் 93 ரூபாய்க்குச் சில காசுகள் குறைவு. ஆக, 2014க்கு முன்பு ஒரு தொழிலாளி பஞ்சுத் தூசியைச் சுவாசித்து ஓராண்டு முழுவதும் உழைத்ததற்கு, முதுமையில் மாதம் 93 ரூபாய். அதற்குப் பிறகான ஓராண்டுக்கு, என் உறவினர் விஷயத்தில், மாதம் 200 ரூபாய். வரம்பைத் தொடும் அளவுக்குக் கூலி பெற்றவருக்குக்கூட ஓராண்டின் மதிப்பு 214 ரூபாயைத் தாண்டாது.

என் உறவினரின் 28 ஆண்டுகளில் 18 ஆண்டுகள் கோட்டுக்கு முந்தையவை. 10 ஆண்டுகள் பிந்தையவை. முந்தையவற்றுக்கு 1,671 ரூபாய், பிந்தையவற்றுக்கு 2,000 ரூபாய். கூடுதல் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 4,000 ரூபாய். 6,000 என்று எதிர்பார்த்தது 4,000 ஆனது இப்படித்தான். அவருடைய கூலி ஒருபோதும் 15,000 ரூபாயைத் தாண்டியதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். உச்சவரம்பு என்பது கை நிறையச் சம்பளம் வாங்குபவர்களின் கவலை என்று பொதுவாக நினைக்கிறோம். 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ‘உயர் ஓய்வூதிய’த் தீர்ப்பைச் சுற்றி நடந்த விவாதங்களும் பெரும்பாலும் அவர்களைப் பற்றியவையே. ஆனால், 2014இல் போடப்பட்ட கோடு 14,000 ரூபாய் கூலிக்காரரின் ஓய்வூதியத்திலும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டிருக்கிறது.

கடைசி அறுபது மாதங்கள்: ஊதியத்தின் பொருள் அதே 2014இல் இன்னொரு விதத்திலும் மாறியது. அதுவரை கடைசி 12 மாதச் சராசரி எடுத்துக்கொள்ளப்பட்டது. பிறகு அது கடைசி 60 மாதச் சராசரி ஆயிற்று. ஆண்டுதோறும் கூலி உயரும் ஒருவருக்கு இதனால் சிறிய இழப்பு. ஆனால், நூற்பாலைத் தொழிலில் கூலி ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போவதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களால் இரவுப் பணியில் எட்டு மணி நேரம் இயந்திரங்களுக்கு இடையே நடந்துகொண்டே இருக்க முடிவதில்லை. ஆலையிலிருந்து விலகி, கூலி குறைவான சிறு நிறுவனங்களில் காவல், பொதிகட்டுதல் போன்ற வேலைகளுக்குச் செல்கிறார்கள். அங்கே வைப்பு நிதி பிடித்தம் இருந்தாலும், அடிப்படைக் கூலியைக் குறைத்துக் காட்டி, மீதியை வீட்டு வாடகைப்படி என்றோ வேறு படிகள் என்றோ பிரித்து எழுதுவது வழக்கம்.

அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். என் உறவினர் 53 வயதில் அப்படி மாறியிருந்து, கடைசி ஐந்து ஆண்டுகளும் 9,000 ரூபாய்க்கு மட்டுமே பிடித்தம் நடந்திருந்தால், 2014க்குப் பிந்தைய பத்து ஆண்டுகள் முழுவதும் 9,000 ரூபாய் அடிப்படையிலேயே மதிப்பிடப்பட்டிருக்கும். 2,000 ரூபாய்க்குப் பதிலாக 1,286 ரூபாய். ஆலையில் 14,000 ரூபாய் வாங்கிய முதல் ஐந்து ஆண்டுகள் மட்டுமே 1,000 ரூபாயை ஈட்டியிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், கடைசி ஐந்தாண்டு உழைப்பு சேர்த்துக் கொடுப்பது மாதம் 286 ரூபாய்தான். உடல் தளர்ந்த காலத்துக் கூலிதான் முழு வாழ்நாள் கூலியின் அளவுகோலாகிறது. வயதானால் சம்பளம் ஏறும் அலுவலக வாழ்க்கையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி, வயதானால் கூலி இறங்கும் ஆலை வாழ்க்கைக்கும் பொருத்தப்படுகிறது.

காணாமல் போன ஆண்டுகள்: இதுவரை சொன்னவை 4,000 ரூபாய்க்கான விளக்கம். என் உறவினர் பெறுவதோ 3,300 ரூபாயை ஒட்டிய தொகை. மீதி, பணியாண்டுகளின் கணக்கில் கரைந்தது. ஆணையில் அவருடைய பணிக்காலம் 28 ஆண்டுகள் என்று இல்லை. 21 ஆண்டுகள் என்றே இருந்தது.

முதலில் ஆறு ஆண்டுகள். 1996இல் சேர்ந்த ஆலையை விட்டு 2002இல் வேறோர் ஆலைக்கு மாறினார். தங்கையின் திருமணம் நெருங்கியிருந்தது. வைப்பு நிதியோடு சேர்த்து, படிவம் 10சி மூலம் ஓய்வூதியப் பங்கையும் பணமாகவே எடுத்துக்கொண்டார். பத்தாண்டுகளுக்குக் குறைவான பணிக்காலம் உள்ளவர்களுக்கு அப்படி எடுக்க வழி உண்டு. கிடைப்பது தோராயமாக ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் ஒரு மாதக் கூலி. அன்று அவருடைய கூலி 3,000 ரூபாய் என்பதால், கைக்கு வந்தது ஏறக்குறைய 18,000 ரூபாய். அந்தப் பணத்தை 22 ஆண்டுகள் தொடாமல் வைப்பில் போட்டு வைத்திருந்தால் இன்று இழப்பு என்று சொல்வதற்கு அதிகம் இருக்காது. ஆனால், கல்யாணச் செலவுக்காக எடுத்த பணம் வைப்புக்குப் போகாது. அந்த ஆறு ஆண்டுகள் இன்று மாதம் 557 ரூபாய் தந்திருக்கும். 33 மாத ஓய்வூதியத்திலேயே அன்று எடுத்த தொகைக்கு ஈடாகிவிடும். அதன் பிறகும் ஆயுள் முழுவதும் வந்துகொண்டிருக்கும்.

அதே படிவம் 10சியில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. பணத்தை எடுக்காமல் ‘திட்டச் சான்றிதழ்’ கேட்டுப் பெறலாம். அதுவரையிலான பணியாண்டுகளை அது பத்திரப்படுத்தும்; அடுத்த நிறுவனத்தில் சேரும்போது அதை ஒப்படைத்தால் ஆண்டுகள் கூடிக்கொள்ளும். 2002இல் அவருக்கு இதைச் சொல்ல ஆலை அலுவலகத்தில் யாரும் இல்லை. படிவத்தை நிரப்பித் தந்த எழுத்தர் நிரப்பியது பணம் கேட்கும் பகுதியைத்தான்.

அடுத்து, ஓர் ஆண்டு. 2008 முதல் 2012 வரை தமிழ்நாட்டை உலுக்கிய மின்வெட்டு நினைவிருக்கும். நூற்பாலைகள் ஷிப்டுகளைக் குறைத்தன; தொழிலாளர்கள் வாரத்தில் சில நாள்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கூலி இல்லாத அந்த நாள்கள் ஒவ்வொன்றும் ‘பங்களிப்பு இல்லாத நாள்கள்’ என்ற கட்டத்தில் பதிவாகியிருந்தன. அவருக்கு அவை மொத்தம் ஒன்பது மாதங்கள். 22 ஆண்டுகளிலிருந்து ஒன்பது மாதங்களைக் கழித்தால் 21 ஆண்டுகள், 3 மாதங்கள். ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஓராண்டாக முழுமைப்படுத்தப்படும். குறைந்தால் விடப்படும் என்பது விதி. ஆகவே அந்த மூன்று மாதங்களும் போயின. ஆறு மாதங்கள் மட்டும் கழிந்திருந்தால் அவர் 22 ஆண்டுக்காரராகவே இருந்திருப்பார். மின்சாரம் இல்லாமல் இயந்திரம் நின்றது அவர் குற்றமல்ல. எனினும், அந்த இழப்பில் ஒரு பங்கை முதுமையில் அவரே சுமக்கிறார்.

ஆக, கோட்டுக்கு முன் 11 ஆண்டுகள், பின் 10 ஆண்டுகள். முறையே 1,021 ரூபாய், 2,000 ரூபாய். கூடுதல் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தால் ஆணையில் இருக்கும் தொகை வந்துவிடுகிறது. இருபது ஆண்டு எல்லையை ஒரே ஓர் ஆண்டு வித்தியாசத்தில் தாண்டியதால் அந்தக் கூடுதலாவது மிஞ்சியது.

தொடக்கத்திலேயே தொலைவது: இன்னொரு வகை இழப்பு என் உறவினருக்கு நேரவில்லை, ஆனால், ராஜபாளையம் வட்டாரத்திலும் மாநிலத்தின் பிற நூற்பாலைப் பகுதிகளிலும் அது பெண்களுக்கு அதிகம் நேர்கிறது. பதினெட்டு, இருபது வயதில் விடுதியில் தங்கி வேலைக்கு வருபவர்கள் ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் ஓராண்டோ மூன்றாண்டுகளோ வைக்கப்படுகிறார்கள். தொழிற்பழகுநர் சட்டத்தின்படியோ, நிறுவனத்தின் சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளின்படியோ பயிற்சி பெறுபவர்களை வைப்பு நிதிச் சட்டம் தொழிலாளர் என்று கொள்வதில்லை. எனவே பிடித்தம் இல்லை, பணியாண்டும் இல்லை. உண்மையான பயிற்சிக்கு இந்த விலக்கு நியாயமானதே. நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவதற்குச் சில மாதங்களில் பழகிக்கொண்டு, பிறகு நிரந்தரத் தொழிலாளிக்கு இணையாக ஷிப்டு பார்க்கும் ஒருவரை மூன்றாம் ஆண்டிலும் பயிற்சியாளர் என்று அழைப்பது பயிற்சி அல்ல, பெயர் மாற்றம்.

இதன் பாதிப்பு ஆண்டுக்கு 200 ரூபாயோடு நிற்பதில்லை. ஓய்வூதியத்துக்குத் தகுதிபெறப் பத்தாண்டுகள் தேவை. திருமணத்துக்காக விலகி, குழந்தைகள் வளர்ந்த பிறகு மீண்டும் ஆலைக்குத் திரும்பி ஏழெட்டு ஆண்டுகள் உழைக்கும் பெண்ணுக்கு, இளமையின் அந்த மூன்று ஆண்டுகள் கணக்கில் இருந்தால் ஆயுள்கால ஓய்வூதியம் உண்டு. இல்லாவிட்டால் ஒருமுறை கிடைக்கும் சொற்பத் தொகை மட்டுமே.

உயராத தொகை: ஆசிரியையின் ஓய்வூதியம் ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படியோடு உயர்கிறது. தொழிலாளியின் ஓய்வூதியம், ஆணையில் எழுதிய நாளிலிருந்து அப்படியே நிற்கிறது. விலைவாசி ஆண்டுக்கு ஐந்து சதவீதம் உயர்வதாக வைத்துக்கொண்டால், பதினான்கு ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். அதாவது, மருந்துச் செலவு கூடும் 72 வயதில் என் உறவினரின் கையில் இருப்பது இன்றைய மதிப்பில் 1,650 ரூபாய். குறைந்தபட்ச ஓய்வூதியமாக 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபாயும் அன்றிலிருந்து விலைவாசியோடு இணைக்கப்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே, பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு 3,000 ரூபாய் வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது.

அரசின் தரப்பில் சொல்லப்படும் பதிலை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆசிரியையின் ஓய்வூதியம் வரிப்பணத்திலிருந்து வருகிறது. தொழிலாளியின் ஓய்வூதியம் ஒரு நிதியத்திலிருந்து வருகிறது. அந்த நிதியத்துக்குள் வந்தது, நிறுவனம் செலுத்திய 8.33 சதவீதமும் மத்திய அரசு தந்த 1.16 சதவீதமும்தான். வரம்பு 6,500 ரூபாயாக இருந்த காலத்தில் ஒரு தொழிலாளிக்காக மாதம் 541 ரூபாய்க்கு மேல் நிறுவனத்திடமிருந்து ஓய்வூதியக் கணக்குக்குப் போகவில்லை. போடாத பணத்தை எப்படி எடுப்பது என்று கேட்கிறார்கள். 2014க்கு முந்தைய ஆண்டுகளை 6,500இல் உறையவைத்ததற்கும் இதுவே நியாயம்.

நியாயம் ஒரு பாதிதான். வரம்பைப் பதின்மூன்று ஆண்டுகள் உயர்த்தாமல் வைத்திருந்தது தொழிலாளி அல்ல. கூலி உயர உயர வரம்பும் உயர்ந்திருந்தால் பங்களிப்பும் உயர்ந்திருக்கும்; நிதியமும் வளர்ந்திருக்கும். உயர்த்த வேண்டியவர்கள் உயர்த்தாததன் விலையை, ‘நீங்கள் குறைவாகத்தானே செலுத்தினீர்கள்’ என்று தொழிலாளியிடம் வசூலிப்பது முறையாகாது. பத்தாண்டுக்கு ஒருமுறை, அரசியல் சூழலைப் பார்த்து, பெரிய தாவலாக வரம்பை உயர்த்துவதைவிட, ஆண்டுதோறும் கூலிக் குறியீட்டோடு சேர்த்துச் சிறிது சிறிதாக உயர்த்துவதே நிதியத்துக்கும் நல்லது. குறைந்தபட்ச ஓய்வூதியத்துக்கும் இது பொருந்தும்.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. கூலியில்லாத நாள்களில், ஆலை நிறுத்தத்தால் நேர்ந்தவற்றைத் தொழிலாளி தானாக எடுத்த விடுப்பிலிருந்து பிரித்துப் பதிவுசெய்து, பணியாண்டுக் கணக்கில் கழிக்காமல் விடலாம். பயிற்சிக்காலம் என்பதற்கு ஓராண்டு என்று உறுதியான எல்லை விதித்து, அதற்கு மேல் பணியாற்றுபவரைப் பெயர் எதுவானாலும் தொழிலாளியாகக் கொள்ளலாம். ஆலையை விட்டு விலகுபவர் ஓய்வூதியப் பங்கைக் கேட்கும்போது, அவர் இழக்கப்போகும் மாதத் தொகை எவ்வளவு என்று அதே திரையில் காட்டலாம். 18,000 ரூபாய் என்ற எண்ணுக்கு அருகில் ‘ஆயுள் முழுவதும் மாதம் 557 ரூபாய்’ என்ற எண்ணும் இருந்திருந்தால், என் உறவினர் கல்யாணத்துக்கு வேறு எங்காவது கைமாற்று வாங்கியிருப்பார்.

இன்று ஆலையில் இருப்பவர்கள்: ஓய்வுபெற்ற பிறகு கணக்கைத் திருத்த முனைவது பெரும்பாலும் பயனற்றது. பணியில் இருக்கும்போதே பார்ப்பவருக்கு வழி இருக்கிறது. 2014 முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரே பொதுக் கணக்கு எண் வந்துவிட்டது. அதன் கீழ் தான் வேலை பார்த்த எல்லா ஆலைகளும் இருக்கின்றனவா, ஒவ்வொன்றிலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாக உள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். விலகிய தேதியைப் பழைய ஆலை பதியாமல் விட்டால் அந்தக் காலம் தொங்கலில் நிற்கும். ஆலை மூடப்பட்ட பிறகு அதைச் சரிசெய்யக் கையொப்பமிட ஆள் கிடைக்காது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். பழைய கணக்கைப் புதிய ஆலைக்கு மாற்றிய பிறகு, கணக்கேட்டில் ஓய்வூதியப் பங்கு என்ற பத்தியில் சுழியம் இருப்பதைப் பார்த்துப் பலர் பணம் போய்விட்டது என்று பதறுகிறார்கள். அது இயல்பானதே. வைப்பு நிதி என்பது சேமிப்பு. அதில் ரூபாய் மாறுகிறது. ஓய்வூதியம் என்பது சேமிப்பு அல்ல. அதில் மாற வேண்டியது ஆண்டுகள். எனவே கேட்க வேண்டிய கேள்வி, ‘என் பழைய பணம் வந்ததா?’ என்பதல்ல, ‘என் பழைய பணிக்காலம் வந்ததா?’ என்பதே. கணக்கு மாற்றத்தின்போது உருவாகும் ‘இணைப்பு-கே’ என்ற ஆவணத்தில் பணிக்காலமும் பங்களிப்பு இல்லாத நாள்களும் எழுதப்பட்டிருக்கும். அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

திருமண வீட்டில் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, என் உறவினர் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் அதே வட்டாரத்தில் ஓர் ஆலையில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறார். அடுத்த மாதம் வேறோர் ஆலைக்கு மாறப்போகிறார். பழைய கணக்கில் கொஞ்சம் பணம் இருக்கிறது. எடுத்து ஒரு தையல் இயந்திரம் வாங்கலாம் என்று நினைத்திருந்தாராம். அந்த நான்கு ஆண்டுகளின் விலை முதுமையில் மாதம் எவ்வளவு என்று ஒரு தாளில் கணக்கிட்டுக் கொடுத்தேன். அவருடைய கூலியை எழுபதால் வகுத்து, நான்கால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள், தன் ஆணையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.